சரக்கு வந்த தேதி

குன்னூருக்குக் கீழே, கோத்தகிரி சாலையில் இருக்கும் ஒரு தேயிலைப் பொட்டல நிறுவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, என் மேசைக்கு வந்த முதல் வேலை மார்க் போடுவது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அல்ல. எங்களுக்குச் சரக்கு தருகிறவர்களுக்கு. அதற்கு முன் பதினோரு வருடம் கோவையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் வெலிங்டனில் இருந்த வீட்டுக்குத் திரும்பினேன். எண்களைச் சரிபார்க்கத் தெரியும், கடிதம் தெளிவாக எழுதத் தெரியும் என்று கொள்முதல் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள்.

தேயிலை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேறு ஆட்கள் இருந்தார்கள். என் பொறுப்பு மற்றவை: பாக்கெட் உறை, ஒட்டுநாடா, பாக்கெட்டுகளை அடுக்கி அனுப்பும் அட்டைப் பெட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சப்ளையருக்கும் ஒரு பக்கத்தில் ஸ்கோர்கார்டு தயாரிக்க வேண்டும். மொத்தம் நூறு மார்க். டெலிவரிக்கு நாற்பது, தரத்துக்கு முப்பது, விலைக்கு இருபது, சேவைக்குப் பத்து. விலை குறைவு என்பதற்காக மட்டும் ஒருவரைப் பிடித்துக்கொள்ளக் கூடாது, ஒரு தரம் தாமதமானதற்காக மட்டும் ஒருவரை விட்டுவிடவும் கூடாது. நான்கையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். நல்ல நோக்கம். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

டெலிவரி மார்க்கை ஆபீஸில் எல்லோரும் ஓட்டிஃப் என்பார்கள். சொன்ன நாளில், சொன்ன அளவு முழுதாக வந்ததா என்பது கணக்கு. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த ஆர்டர் தேறும். ஐயாயிரம் பெட்டி கேட்டு, சொன்ன நாளில் நாலாயிரத்து எண்ணூறு வந்தால் தோல்வி. ஐயாயிரமும் வந்து ஒரு நாள் பிந்தினாலும் தோல்வி. பாதி மார்க் என்பது கிடையாது. பத்து ஆர்டரில் எட்டு தேறினால் எண்பது சதவீதம், நாற்பதுக்கு முப்பத்திரண்டு. தரத்துக்கு, வந்த சரக்கில் மாதிரி எடுத்துப் பார்த்து, ஆயிரத்துக்கு எத்தனை பழுது என்று எண்ணுவோம். மொத்தம் எழுபதுக்குக் கீழே போனால் ‘சி’. அடுத்தடுத்து இரண்டு முறை ‘சி’ வாங்கினால் ஆர்டர் நிறுத்தம்.

அட்டைப் பெட்டியை இரண்டு பேர் தந்தார்கள். ஒருவர் மேட்டுப்பாளையத்துக்காரர், பெரிய ஆலை. இன்னொருவர் கீழ் கோத்தகிரியில் ஒரு தகரக் கொட்டகையில் மூன்று மெஷினும் ஒன்பது பெண்களும் வைத்து நடத்திய அக்கா. ஐம்பதை ஒட்டிய வயது. கணவர் எஸ்டேட் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு வந்த தொகையில் போட்ட தொழில். அக்கா செய்த பெட்டியில் முக்கால்வாசியை நாங்கள்தான் வாங்கினோம். எங்கள் ஆர்டர் நின்றால் அந்தக் கொட்டகை நிற்கும் என்பது எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். அவரும் நானும் ஒரே சர்ச். மகள் வீடு வெலிங்டனில் என்பதால் சனிக்கிழமை சாயங்காலமே வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை என்னைக் "கண்ணு" என்பார். திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்தால் "மேடம்" என்பார். அந்த மாற்றத்தில் அவருக்கு ஒரு தடுமாற்றமும் இருந்ததில்லை. எனக்குத்தான் இருந்தது.

நான் சேர்ந்த வருடம் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் அவர் ‘சி’ வாங்கினார். அதில் சந்தேகம் இல்லை. காகித ஆலையில் இருந்து அவருக்கு ரீல் வரவில்லை. எங்களுக்குப் பெட்டி வரவில்லை. அவரே வந்து ஒப்புக்கொண்டார். அடுத்த காலாண்டுத் தாளைப் போட நான் உட்கார்ந்தபோது மேனேஜர் என் மேசைப் பக்கம் வந்து நின்றார். ஈரோட்டுக்காரர், சிரித்துக்கொண்டே குத்துவார்.

"பாக்ஸ் அக்கா உங்க சர்ச்சுங்களாமா?"

"ஆமாங்க சார்."

"நல்லதுங்க. மார்க் போடறப்ப மட்டும் ஞாயித்துக்கெழம நெனப்பு வந்துரக் கூடாதுங்க. அப்புறம் பாட்டுக்கெல்லாம் சேத்து மார்க் போட்டுருவீங்க."

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு ஒரு முடிவு எடுத்தேன்: அந்த அக்காவின் தாளில் சிஸ்டம் தரும் எண்ணைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன். அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன்.

சிஸ்டம் தந்த எண் இது. ஜூலையில் இருந்து செப்டம்பர் வரை பன்னிரண்டு ஆர்டர். நான்கு தாமதம், ஒவ்வொன்றும் ஒரு நாள். வேறு இரண்டில் அளவு குறைவு. தேறியவை ஆறு. ஐம்பது சதவீதம், நாற்பதுக்கு இருபது. தரத்தில் ஆயிரத்துக்கு மூன்று பழுதுதான், முப்பதுக்கு இருபத்தெட்டு. விலை கொஞ்சம் கூடுதல் என்பதால் பதிமூன்று. மெயிலுக்குப் பதில் போடத் தாமதம் என்பதால் சேவைக்கு ஆறு. கூட்டினால் அறுபத்தேழு. மேட்டுப்பாளையத்துக்காரருக்குத் தொண்ணூற்றொன்று.

‘சி’ வந்தால் சப்ளையருக்கு ஒரு படிவம் போகும். தாமதத்துக்கு மூல காரணம் என்ன, திரும்ப நடக்காமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று பதினைந்து நாளுக்குள் எழுதித் தர வேண்டும். அக்கா இரண்டே நாளில் அனுப்பினார். கட்டத்துக்குள் பேனாவால் எழுதியிருந்தது: "லாரி அன்றைக்கே வந்து விட்டது. மூட்டம். கேட் புத்தகம் பார்க்கவும்."

நான் அதைத் திருப்பி அனுப்பினேன். ஒரு வரிக் குறிப்பு எழுதினேன்: வானிலையை மூல காரணமாக ஏற்க இயலாது. நாளிதழில் நிருபர்களின் செய்தியைத் திருப்பி அனுப்பும்போது எழுதுவது போன்ற சுருக்கமான வரி. எழுதிவிட்டு அந்த வரி நன்றாக வந்திருப்பதாகவும் எனக்குத் தோன்றியது.

அவர் நேரில் வந்தார். நனைந்த குடையை வெளியே சாய்த்துவிட்டு, என் எதிரில் உட்காராமல் நின்றார்.

"மேடம், அந்த நாலு லோடும் காலைல எட்டு மணிக்கெல்லாம் உங்க கேட்டுல நின்னுச்சுங்க. நானே ரெண்டு தடவ கூட வந்தேன்."

"சிஸ்டத்துல மறுநாள்னு இருக்குதுங்க்கா."

"சிஸ்டம் லாரியப் பாத்துச்சுங்களா? கேட்டுல இருக்கற வாட்ச்மேன் பாத்தாரு, அவரு எழுதுன புக்கு இருக்குதுங்க. ஒரு எட்டுப் போயி பாத்துருங்க மேடம், முப்பது அடி தூரம்."

"எல்லா சப்ளையருக்கும் ஒரே தேதிதாங்க எடுக்கறோம். உங்களுக்கு மட்டும் கேட் புக்கப் பாத்தா அது சரியா இருக்காதுங்க்கா."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. தப்பான கடையில் வந்து நிற்கிறோமோ என்று யோசிக்கிற முகம்.

"எனக்கு மட்டும் பாக்கச் சொல்லலீங்க. எல்லாருக்கும் பாருங்க. வேண்டாம்னா சொன்னேன்?"

வெற்றுப் படிவம் ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினேன். "ஃபார்மேட் அப்படித்தாங்க இருக்குது."

"சரிங்க மேடம்," என்று குடையை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் வந்த புதுப் படிவத்தில் "இனி சரியாக அனுப்புகிறோம்" என்று மட்டும் இருந்தது. அதை ஏற்றுக்கொண்டேன். மார்க் மாறவில்லை. அக்டோபர் இரண்டாவது வாரம் ஆர்டர் நிறுத்தக் கடிதம் போனது. வரைவு என்னுடையது. ஒரு பிழை இல்லை. மேனேஜர் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

அந்த வருடம் நவம்பரிலும் டிசம்பரிலும் மழை விடவில்லை. ஜனவரியில் பொட்டலப் பிரிவில் இருந்து ஒரு புகார் வந்தது. பாக்கெட்டை அடுக்கி மூடும்போது பெட்டியின் மடிப்பு வாய் பிளக்கிறது. அடுக்கி வைத்தால் அடிப்பெட்டி நசுங்குகிறது. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "மழ ஆரம்பிச்சதுல இருந்தேங்க," என்றார்கள். எங்கே எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். லைன் வேஸ்டேஜ் கணக்கில் என்றார்கள். அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். பிந்திய மழை மாதங்களில் ஆயிரத்துக்கு இருபதுக்கு மேல். என் ஸ்கோர்கார்டில் மேட்டுப்பாளையத்துக்காரரின் பழுது ஆயிரத்துக்கு ஆறு. இரண்டும் ஒரே பெட்டிகளைப் பற்றிய கணக்கு. கிடங்கு வாசலில் மாதிரி பார்க்கும்போது அகப்பட்டது சப்ளையர் பழுது. உள்ளே போய் வாய் பிளந்தால் அது எங்கள் வீணடிப்பு.

காரணம் கேட்கக் கிடங்குக்குப் போனேன். கிடங்குப் பொறுப்பாளர் இலங்கையில் இருந்து திரும்பி வந்த குடும்பத்தில் பிறந்தவர், இருபது வருடமாக அதே கிடங்கு. மழைக்காலத்தில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. அதை அன்றுதான் முதன்முதலில் முழுதாகக் கேட்டேன்.

"மூட்டத்துல அட்டைய எறக்கவே கூடாது மேடம். ஷட்டரத் தொறந்தாலே உள்ளுக்கு வந்துரும். லாரியில இருந்து ராக்குக்குப் போறதுக்குள்ள அட்ட தண்ணியக் குடிச்சுரும். கண்ணுக்குத் தெரியாது, கையிலயும் தெரியாது. ஒரு மாசம் கழிச்சு ஒட்டு விட்டுக்கும். அதான் மூட்டம் தெளியுற வரைக்கும் லாரிய தார்ப்பாய் போட்டு நிப்பாட்டி வைக்குறது. அன்னைக்குத் தெளியலன்னா மறுநாள்."

"மேட்டுப்பாளையம் லாரியையும் நிறுத்துவீங்களா?"

அவர் சிரித்தார். "அவனா? நிப்பானா மேடம்! காட் ரோட்டுல மண்ணு சரியுறதுக்குள்ள எறங்கணும்னு ஹாரன அடிச்சு உசிர வாங்குவான். எறக்கித்தான் விடணும். கீழ் கோத்தகிரி அம்மாதான் சொன்னா கேக்கும். ‘நில்லுங்கண்ணே, நனையாம எறங்குனாப் போதும்’னு டிரைவருக்கு டீக் காசும் குடுத்துட்டுப் போகும்."

"லாரி வந்த அன்னைக்கே என்ட்ரி போடலியா?"

"எண்ணிப் பாக்காம எப்படி மேடம் என்ட்ரி போடுறது? எறக்கி, எண்ணி, அதுக்கப்புறந்தான் சிஸ்டம். லாரி வந்துருச்சு, ஆனா சரக்கு வரல." அது அவருக்கு முரணாகவே படவில்லை. கிடங்கு விதிப்படி அவர் செய்தது சரி. அந்த என்ட்ரி போகிற இடத்தில் யாரோ மார்க் போடுகிறார்கள் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

அங்கிருந்து கேட்டுக்கு முப்பது அடி. வாட்ச்மேனின் புத்தகம் நீல அட்டை போட்ட நீள நோட்டு. நான்கு தேதிகளையும் தேடினேன். ஏழு ஐம்பது, எட்டு பத்து, எட்டு ஐந்து, எட்டே கால். நான்கும் சொன்ன நாளிலேயே வந்திருந்தன. கால்மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நாளிதழில் இருந்தபோது எந்த எண்ணைக் கொண்டுவந்தாலும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, இது யார் சொன்னது என்பது. அந்தத் தேதியை சிஸ்டத்துக்கு யார் சொன்னது, எந்த நேரத்தில் சொன்னது என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்கத் தெரியாமல் இல்லை. கேட்டால் எனக்கு வேண்டியவருக்காகக் கேட்டேன் என்று ஆகிவிடும் என்பதால் கேட்கவில்லை.

அன்று மாலையே தாளை மறுபடி போட்டேன். அளவு குறைந்த இரண்டு ஆர்டர்களையும் தோல்வியாகவே வைத்தேன். அவை உண்மையான தோல்விகள். பன்னிரண்டில் பத்து. எண்பத்து மூன்று சதவீதம். நாற்பதுக்கு முப்பத்து மூன்று. தரம், விலை, சேவை மூன்றையும் தொடவில்லை. மொத்தம் எண்பது. ‘பி’.

மேனேஜரிடம் புதுத் தாளையும் லைன் வேஸ்டேஜ் கணக்கையும் வைத்தேன். அவர் கவனமாகப் படித்தார், இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் சரியான கேள்விகள். இனிமேல் கேட்டில் லாரி நுழைந்த தேதியை எடுக்கலாம், லைனில் வாய் பிளக்கிற பெட்டியையும் சப்ளையர் பழுதில் சேர்க்கலாம் என்று உடனே ஒப்புக்கொண்டார். அடுத்த மாதக் கூட்டத்தில் அதை என் பெயரைச் சொல்லியே அறிவித்தார். கைதட்டினார்கள்.

"அந்த அக்கா தாளுங்க சார்?"

"அது க்ளோஸ் ஆன குவார்ட்டருங்க. ஆடிட்டுக்கும் போயிருச்சு. தெறந்தா எல்லாரும் பழசத் தூக்கிட்டு வருவாங்க. மறுபடியும் வெண்டரா அப்ளை பண்ணச் சொல்லுங்க, நான் சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்."

அதைச் சொல்லத்தான் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கீழ் கோத்தகிரிக்குப் போனேன். புதுக் கணக்கை ஒரு வெள்ளைத் தாளில் அச்செடுத்துப் பைக்குள் வைத்திருந்தேன். கொட்டகையில் மூன்று மெஷினில் ஒன்றுதான் இருந்தது. ஒன்பது பேரில் இரண்டு பேர் பேக்கரிக்கு கேக் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் கொழுந்து பறிக்கப் போய்விட்டதாக அக்கா சொன்னார். பெரிய மெஷின் காரமடைக்கு விலைக்குப் போய்விட்டது.

ஆபீஸ் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவர் ஒரு கணம் யோசித்தது தெரிந்தது. "வாங்க, உக்காருங்க," என்று இரண்டுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டார்.

நான் நடந்ததைச் சொன்னேன். மேனேஜர் சொன்னதையும் சொன்னேன். கேட் புத்தகத்தை அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும், பார்க்காதது என் தப்பு என்றும் சொன்னேன். அவர் தாளை வாங்கி, கண்ணாடி போட்டு, விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார்.

"கொறையா அனுப்புன ரெண்டையும் ஃபெயிலாவே வெச்சுட்டீங்களா?"

"ஆமாங்க்கா."

"அது சரிதான். நனஞ்ச கட்ட நாந்தான் பிரிச்சு எடுத்து வெச்சேன். காஞ்சதுக்கப்புறம் அனுப்பலாம்னு." விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு, "அதையும் சேத்தே அனுப்பியிருந்தா ஃபுல் மார்க்கு, இல்லீங்களா?" என்றார்.

"ஆமாங்க்கா. அன்னைக்கு இருந்த கணக்குப்படி அந்த ரெண்டு ஆர்டருக்கும் ஃபுல் மார்க்குதான்."

மடித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சிரித்தாள். "நல்ல சரக்கக் குடுத்தா ஃபெயிலு. ஈரத்தக் குடுத்தா பாஸு. இது எந்த ஊட்டுச் சட்டம்ங்கக்கா?"

"சும்மா மடிடி," என்றார் அக்கா. ஆனால் அவரும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மறுபடியும் அப்ளை பண்ண மெஷின் வேணுமே. போன மெஷினு வராது. அது போகட்டும். கோயமுத்தூர்ல ஒரு சோப்புக் கம்பெனிக்காரங்க கேட்டிருக்காங்க. செவ்வாக்கெழம வர்றாங்க. ஏற்கெனவே பாத்த கம்பெனி ஏன் நிறுத்துச்சுன்னு கேப்பாங்க. அவுங்க கேட்டா காட்டறதுக்கு என்கிட்ட அறுபத்தேழு மட்டுந்தான் இருக்குது. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. உங்க பேரு, உங்க வேல, அது போதும். அவுங்க ஆர்டரு வந்தா மெஷின வாடகைக்காவது எடுப்பேன்."

என் பையில் பேனா இருந்தது. தாளில் எங்கள் கம்பெனிப் பெயர் இருந்தது, லெட்டர்ஹெட் இல்லை. மூடிய காலாண்டுக்கு, மேனேஜருக்குத் தெரியாமல், நான் கையெழுத்திட்ட ஒரு மதிப்பெண் தாள் கோயம்புத்தூரில் இன்னொரு கம்பெனியின் மேசைக்குப் போகும். எண் சரியானது, ஒவ்வொரு வரியும் நானே சரிபார்த்தது. என் பதினோரு வருடத் தொழிலில் அதைவிட நன்றாகச் சரிபார்த்த எண் எதையும் அச்சுக்கு அனுப்பியதாக நினைவில்லை.

"மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு, திங்கக்கெழம தர்றேங்க்கா," என்றேன்.

அவர் தாளை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். "திங்கக்கெழமைக்குள்ள குடுத்தா உதவியா இருக்கும் மேடம்," என்றார்.

திங்கட்கிழமை மேனேஜர் முடியாது என்றார்; நான் எதிர்பார்த்ததுதான். கம்பெனி பெயரில் இரண்டு விதமான மார்க் வெளியே இருக்கக் கூடாது என்று அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அக்காவுக்கு போன் செய்து சொன்னேன். சரிங்க என்றார். சோப்புக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், கொட்டகையைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். மார்ச்சில் கடைசி மெஷினும் போனது. இப்போது எங்கள் ஸ்கோர்கார்டில் கேட்டில் லாரி நுழைந்த தேதிதான் எடுக்கப்படுகிறது. மழைக்காலத்தில் லாரிகள் தார்ப்பாய் போட்டு நிற்கின்றன, யாருக்கும் மார்க் குறைவதில்லை.